54 வயதில் ஒரு ரெஸ்யூம்: வயதைச் சொல்லாமலும் பொய் சொல்லாமலும்

மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்து ஐஸ் கம்பெனிகளிலும் மீன் கம்பெனிகளிலும் பல வருஷம் கம்ப்ரஸர் ஓட்டிய ஒருவரின் பயோடேட்டாவை எடுத்துப் பாருங்கள். வேலையைப் பற்றி ஒரு வரி வருவதற்குள் வயது நாலைந்து இடத்தில் வந்துவிடும். மேலே பிறந்த தேதி, அதற்குக் கீழே பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு, பிறகு ஐ.டி.ஐ. முடித்த ஆண்டு, ‘34 ஆண்டு அனுபவம்’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி, கடைசியில் மகளுக்குத் திருமணமான விவரம்கூட. ஆளெடுப்பவர் கேட்டது 8 முதல் 12 வருஷ அனுபவம். 34 என்ற எண்ணைப் பார்த்ததும் ‘சம்பளம் கூடக் கேட்பார், இரண்டு மூன்று வருஷத்தில் ஓய்வு என்பார்’ என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார். அம்மோனியா பிளான்டை இவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது படிக்கப்படவே இல்லை.

இதற்குப் பயந்து சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். சேர்ந்த ஆண்டை மாற்றுகிறார்கள், இரண்டு கம்பெனி வேலையை ஒன்றாக்கிக் காட்டுகிறார்கள், மொத்த அனுபவம் 12 என்று எழுதுகிறார்கள். பி.எஃப். விவரத்தைத் திறந்து பார்த்த நிமிடத்தில் இதெல்லாம் கலைந்துவிடும். அந்த வேலையோடு போகாமல் அடுத்த கம்பெனி வரைக்கும் பேர் போய்ச் சேரும். இந்தக் கடற்கரையில் கம்பெனிகள் கொஞ்சம், மேனேஜர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தீர்மானிக்க ஒரே ஓர் அளவுகோல் போதும். நேர்காணலில் உங்கள் வயது தெரிந்த பிறகு, அவர் அதே ரெஸ்யூமை மறுபடி எடுத்துப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு வரிகூடப் பொய்யாகிவிடக் கூடாது. ‘சொல்லவில்லை’ என்று அவர் நினைக்கலாம். ‘ஏமாற்றிவிட்டார்’ என்று நினைக்க இடம் இருக்கக் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்த்ததுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒருவர்

பிறந்தது 1971. பத்தாம் வகுப்பு 1987. ஐ.டி.ஐ.யில் குளிர்பதன மெக்கானிக் தொழிற்பிரிவு 1989, அதன்பின் ஒரு வருஷம் அப்ரண்டிஸ். 1991 முதல் 1997 வரை ராமேஸ்வரத்தில் ஒரு ஐஸ் கம்பெனி. 1997 முதல் 2007 வரை தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஆபரேட்டர். 2007 முதல் 2012 வரை மஸ்கட்டில் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் டெக்னீஷியன். 2012 முதல் 2018 வரை மண்டபம் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் சீனியர் ஆபரேட்டர்; அதுவும் நேரடி வேலை இல்லை, ஒப்பந்தக்காரர் வழியாக. 2018 முதல் இன்றுவரை ராமநாதபுரத்துக்கு அருகே இன்னொரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர்.

அவர் விண்ணப்பிக்க நினைக்கும் விளம்பரம் இது: கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்துக்குக் குளிர்பதனப் பராமரிப்பு சூப்பர்வைசர் தேவை. 8 முதல் 12 ஆண்டு அனுபவம். ஸ்க்ரூ கம்ப்ரஸர் உள்ள அம்மோனியா பிளான்ட் தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்ட் ஃப்ரீசர், ஐ.க்யூ.எஃப்., கோல்டு ஸ்டோரேஜ் வெப்பநிலைப் பதிவு. முன்கூட்டிய பராமரிப்பு அட்டவணை. ஹாசப் தணிக்கைக்குத் தேவையான ஆவணங்கள். கணினியில் பதிவு செய்யத் தெரிய வேண்டும். வயது வரம்பு எதுவும் போடவில்லை.

முதல் படி: யாருக்கும் அனுப்பாத ஒரு முழுத் தாள்

ரெஸ்யூமைத் தொடுவதற்கு முன் எல்லா வேலையையும், எல்லா ஆண்டையும், மாதத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். இது உங்களுக்கு மட்டும். நினைவில் இருந்து எழுதினால் தப்பு வரும், ஆவணத்தைப் பார்த்து எழுத வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது பி.எஃப். உறுப்பினர் தளம். யூ.ஏ.என். எண்ணோடு உள்ளே போய் `View` மெனுவில் `Service History` என்பதைத் திறந்தால் ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வரும். வேலைக்கு எடுக்கும் கம்பெனி சரிபார்ப்புக்குக் கேட்பது பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத்தான். உங்கள் ரெஸ்யூமில் உள்ள தேதி இதோடு ஒத்துப்போக வேண்டும்.

இங்கேதான் மூன்று சிக்கல்கள் வரும். ஒன்று, நிறுவனப் பெயர். 2012 முதல் 2018 வரை மீன் கம்பெனியில் வேலை பார்த்ததாக இவர் எழுதியிருப்பார். தளத்தில் ஒப்பந்தக்காரரின் பெயர்தான் இருக்கும். சரிபார்ப்பவருக்கு அந்தக் கம்பெனியே பட்டியலில் இல்லை, ஆகவே பொய் என்று தோன்றும். ரெஸ்யூமிலேயே ‘இன்ன கம்பெனி, மண்டபம் (இன்ன ஒப்பந்த நிறுவனம் வழியாக)’ என்று எழுதிவிட்டால் இந்தச் சந்தேகம் எழாது. இதற்கும் வயதுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் வயதை விட்டுவிட்டு எழுதும் ரெஸ்யூமில் மற்ற எல்லா வரியும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். ஒரு தேதி இடித்தால், விட்டுப்போன பிறந்த தேதியும் சேர்ந்து சந்தேகமாகிவிடும்.

இரண்டு, விலகிய தேதி பதியப்படாமல் இருப்பது. பழைய கம்பெனி அதைப் போடாமல் விட்டிருந்தால், கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு `Manage` மெனுவில் `Mark Exit` வழியாக நீங்களே பதியலாம். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் வேலை பார்த்ததுபோல் தளம் காட்டினால் விளக்கிக்கொண்டிருக்க நேர்காணலில் நேரம் கிடைக்காது.

மூன்று, தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது சில கம்பெனிகளில் ஒப்பந்த ஆட்களை நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு மறுபடி சேர்ப்பார்கள். தளத்தில் ஒரே கம்பெனி மூன்று தடவை சேர்ந்து விலகியதாக வரலாம். ரெஸ்யூமில் இதை ஒரே வேலையாகக் காட்டுவதில் தப்பில்லை, பக்கத்தில் ‘தடைக்கால இடைவெளிகளுடன்’ என்ற சொல் இருக்கும் வரைக்கும்.

யூ.ஏ.என். எண் வந்தது 2014இல். அதற்கு முந்தைய பழைய பி.எஃப். எண்களை இணைக்காமல் விட்டிருந்தால் அவை அந்தப் பக்கத்தில் வராது. மஸ்கட் வேலையும் வராது. அவற்றுக்கு அனுபவச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை ஆகியவற்றைத் தேடி எடுத்து வையுங்கள். ரெஸ்யூமில் ஆண்டு போடாவிட்டாலும், கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டும்.

இரண்டாம் படி: எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது

விளம்பரம் 8 முதல் 12 ஆண்டு கேட்கிறது. பொதுவாகக் கடைசி 12 முதல் 15 ஆண்டு வேலையைத் தேதியோடு விரித்து எழுதினால் போதும். ஆனால் வெட்டும் இடத்தை எண் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. ஒரு வேலையின் நடுவே வெட்டக் கூடாது. வேலையின் தொடக்கத்தில்தான் வெட்ட வேண்டும். ‘2015 முதல்’ என்று எழுதிவிட்டு, அந்த வேலை உண்மையில் 2012இல் தொடங்கியிருந்தால் அது தேதியை மாற்றியதுதான். இவருக்கு வெட்டும் இடம் 2012. அதிலிருந்து இன்றுவரை 13 ஆண்டு, இரண்டு வேலை.

வெட்டிய பிறகு காட்டும் காலத்துக்குள் எதையும் ஒளிக்கக் கூடாது. 2012க்கும் இன்றைக்கும் நடுவில் இவர் எட்டு மாதம் வேறு இடத்தில் வேலை பார்த்துப் பிடிக்காமல் வந்திருந்தால் அதுவும் வர வேண்டும், ஒரு வரியாக இருந்தாலும் போதும். விடுவதற்கு உரிமை பழைய காலத்தில்தான்.

இந்தப் பகுதிக்கு என்ன தலைப்பு வைக்கிறீர்கள் என்பதில்தான் நேர்மை நிற்கிறது. ‘பணி வரலாறு’ என்று வைத்தால் இதுதான் முழு வரலாறு என்று பொருள்; 2012இல் இருந்து தொடங்குவது பொய்யாகிவிடும். ஆங்கிலத்தில் அனுப்பும் ரெஸ்யூமில் `Relevant Experience` என்று போடுங்கள். விளம்பரத்துக்குப் பொருந்துகிற அனுபவம் மட்டும் இங்கே இருக்கிறது என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

அதற்குக் கீழே, தேதி இல்லாமல், `Earlier Experience` என்று இரண்டு மூன்று வரி. இதைச் சிலர் சேர்க்கப் பயப்படுவார்கள், ‘முன்னாடியும் வேலை பார்த்திருக்கார்னு தெரிஞ்சிடுமே’ என்று. தெரியத்தான் வேண்டும். இந்த வரிகள் இல்லாமல் போனால், பக்கத்தில் உள்ள மிகச் சிறிய ஆண்டு 2012 ஆகிவிடும். படிப்பவர் அதிலிருந்து 20ஐக் கழித்து 1992இல் பிறந்தவர் என்று எடுத்துக்கொள்வார். நேரில் 54 வயதுக்காரர் வந்து உட்காரும்போது அவர் ஏமாந்தவராகிவிடுவார். தேதி இல்லாத இந்தப் பகுதி அந்தத் தவறான கணக்கைப் போட விடாது. இதற்கு முன்னும் நிறைய இருக்கிறது என்று சொல்கிறது, எத்தனை வருஷம் என்பதை மட்டும் பேச்சுக்கு விட்டுவைக்கிறது. இவருக்கு அது இப்படி வரும்:

‘முந்தைய அனுபவம்: மஸ்கட்டில் கோல்டு ஸ்டோரேஜ் டெக்னீஷியன், ஸ்க்ரூ கம்ப்ரஸர் பராமரிப்பு. தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் பிளேட் ஃப்ரீசர், பிளாஸ்ட் ஃப்ரீசர் ஆபரேட்டர். ராமேஸ்வரத்தில் ஐஸ் கம்பெனி ஆபரேட்டர்.’

மூன்று வரிக்கு மேல் வேண்டாம். நீண்டால் அதுவே வயதைச் சொல்லும்.

மூன்றாம் படி: முதல் வரி

பக்கத்தின் உச்சியில் இரண்டு மூன்று வாக்கியத்தில் உங்களைச் சொல்லும் இடம். ‘34 ஆண்டு அனுபவம் வாய்ந்த’ என்று தொடங்கியதை எடுத்துவிட்டு எல்லோரும் எழுதச் சொல்வது ‘10 ஆண்டுக்கு மேல்’. அகராதிப்படி அது உண்மைதான், 34 என்பது 10க்கு மேல்தானே. ஆனால் வயது தெரிந்த பிறகு படித்தால் அந்த வரி சாமர்த்தியமாக இருக்கும். அளவுகோலில் அது தேறாது என்பது எங்கள் கருத்து. காலத்தைச் சொல்லியே எழுதுங்கள்: ‘கடந்த 13 ஆண்டாக மண்டபம், ராமநாதபுரம் பகுதியில் கடல் உணவு ஏற்றுமதி நிறுவனங்களின் அம்மோனியா குளிர்பதனப் பிளான்டைப் பார்த்துவருகிறேன்; அதில் 2018 முதல் ஷிஃப்ட் பொறுப்பு.’ வயது தெரிந்த பிறகும் இதில் எந்த எண்ணையும் மாற்ற வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ‘சுறுசுறுப்பானவர்’, ‘நல்ல உடல்நலம் உள்ளவர்’, ‘இந்த வயதிலும்’ போன்ற சொற்கள் வரக் கூடாது. இருபத்தைந்து வயதுப் பையன் எவனும் தன்னை நல்ல உடல்நலம் உள்ளவன் என்று எழுதுவதில்லை. எழுதினாலே வயது தெரிகிறது.

நான்காம் படி: தேதி இல்லாமலே வயதைச் சொல்லும் வரிகள்

பிறந்த தேதி, த/பெ, மதம், திருமண நிலை, பிள்ளைகள் எத்தனை, போட்டோ இவற்றை எடுப்பதில் யோசிக்க எதுவும் இல்லை. விளம்பரம் கேட்காத வரை எடுத்துவிடுங்கள். படிப்பில் ஆண்டு வேண்டாம்: ‘தேசியத் தொழிற்சான்றிதழ், குளிர்பதன மெக்கானிக், அரசு ஐ.டி.ஐ.’ என்பதே போதும். பத்தாம் வகுப்பு வரியே தேவையில்லை, அதற்கு மேல் ஐ.டி.ஐ. இருக்கிறதே.

கண்ணில் படாமல் நிற்பவை தொழில் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும். குளிர்பதனத் துறையில் அம்மோனியாவுக்கு வயது கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்பும் அதுதான், இன்றும் பெரிய பிளான்டுகளில் அதுதான். ஆனால் ‘ஆர்-12 வாயுவில் வேலை செய்த அனுபவம்’ என்று ஒரு வரி இருந்தால் துறை தெரிந்தவர் உடனே கணக்குப் போடுவார். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி இந்தியாவில் அந்த வகை வாயுக்களின் உற்பத்தி 2010க்குள் நின்றுவிட்டது. அந்த வரியால் இன்றைய வேலைக்கு ஒரு பயனும் இல்லை.

உணவுப் பாதுகாப்பிலும் இப்படித்தான். 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின் பெயரை இன்னும் எழுதுபவர்கள் உண்டு. அதன் இடத்தில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2011 முதல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகள்தான் நடப்பில் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 9001 என்று மட்டும் எழுதுங்கள். ‘9001:2000’ என்று ஆண்டோடு எழுதினால் அது இரண்டு பதிப்புக்கு முந்தியது. நீங்கள் பயிற்சி பெற்றது அந்தப் பழைய பதிப்பில்தான் என்றால் ‘2015 பதிப்பில் பயிற்சி’ என்று மாற்றி எழுதாதீர்கள். பதிப்பைச் சொல்லாமல் விடலாம், இல்லாத பதிப்பைச் சேர்க்க முடியாது.

கணினி வரியில் எம்.எஸ்.-டாஸ், விண்டோஸ் 98, தட்டச்சு லோயர், ஹையர் எல்லாம் போக வேண்டும். இன்றைக்கு ஷிஃப்டில் எதைத் தொடுகிறீர்களோ அதை எழுதுங்கள்: எக்செல்லில் வெப்பநிலைப் பதிவு, பேனல் திரையில் அழுத்தம், வெப்பநிலை வரம்புகளைப் பார்ப்பது. தட்டச்சு படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் விரலோடு வந்துவிடும், முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி விடுவது. தலைப்பை எல்லாம் பெரிய எழுத்தில் அடித்து அடிக்கோடு போடுவதும் அதே காலத்துப் பழக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் மற்றதையெல்லாம் சுத்தம் செய்த தாளில் இதுதான் மிஞ்சி நிற்கும்.

பிறந்த ஆண்டு ஒட்டிய மின்னஞ்சல் முகவரியை மாற்றுங்கள். பழைய முகவரியில் `71` என்று இருந்தால் மேலே செய்த வேலை எல்லாம் வீண். மகனின் முகவரியையோ பிரவுசிங் சென்டர் முகவரியையோ கொடுப்பதைவிடப் புதிதாக ஒன்று தொடங்குவது நல்லது.

ஐந்தாம் படி: விளம்பரத்தோடு பொருத்துவது

வயதை எடுத்த இடத்தில் வேலையை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் தாள் வெறுமையாக இருக்கும். விளம்பரம் கேட்ட ஒவ்வொன்றையும் இடதுபக்கம் எழுதி, வலதுபக்கம் 2012க்குப் பிறகு அதை எங்கே செய்தீர்கள் என்று எழுதுங்கள். 2012க்குப் பிறகு என்பது முக்கியம். முப்பது வருஷக்காரர்கள் தங்கள் சிறந்த வேலை என்று நினைப்பது பெரும்பாலும் இருபது வருஷத்துக்கு முன் செய்ததாக இருக்கும்.

ஸ்க்ரூ கம்ப்ரஸர்: இவர் முதலில் கற்றது மஸ்கட்டில். அதற்காக மஸ்கட் வேலையைத் தேதியோடு மேலே இழுக்க வேண்டுமா? இப்போதைய கம்பெனியிலும் ஒரு ஸ்க்ரூ, இரண்டு ரெசிப்ரோ ஓடுகிறது என்றால் தேவையில்லை. ‘ஒரு ஸ்க்ரூ, இரண்டு ரெசிப்ரோ கம்ப்ரஸர் கொண்ட அம்மோனியா பிளான்ட், ஆயில் மாற்றுதல், ஃபில்டர், ஷாஃப்ட் சீல் சரிபார்ப்பு’ என்று இப்போதைய வேலையின் கீழ் எழுதலாம். இப்போது ஸ்க்ரூவே இல்லையென்றால் அது மஸ்கட் வரியில் மட்டும்தான் இருக்க வேண்டும். பழைய திறமையைப் புதிய வேலைக்குக் கீழே நகர்த்துவது தேதியை மாற்றுவதைவிடச் சுலபமாகப் பிடிபடும்; நேர்காணலில் ‘இப்ப அங்க என்ன மாடல் ஓடுது?’ என்ற ஒரு கேள்வி போதும்.

வெப்பநிலைப் பதிவு: ‘கோல்டு ஸ்டோரேஜ் பராமரித்தேன்’ என்பது எதையும் சொல்லவில்லை. ‘கோல்டு ஸ்டோரேஜை மைனஸ் 18 டிகிரிக்கு மேல் ஏறாமல் காப்பது, மணிக்கு ஒரு தடவை லாக் புக்கில் பதிவு, வரம்பு மீறினால் எடுத்த நடவடிக்கையை எழுதுவது’ என்றால் தணிக்கை தெரிந்தவர் எழுதியது என்று புரியும். எத்தனை டன் அறை, எத்தனை ஃப்ரீசர் என்ற எண்கள் உங்கள் லாக் புக்கில் உள்ளபடி இருக்கட்டும்.

பராமரிப்பு அட்டவணையில் தடைக்காலம் இந்தக் கடற்கரைக்காரருக்குச் சாதகம். படகு போகாத அந்த 61 நாளில்தான் கம்ப்ரஸரைப் பிரித்துப் பார்ப்பது, கண்டென்சர் சுத்தம், வால்வு மாற்றுவது எல்லாம் நடக்கிறது. ‘ஆண்டுதோறும் தடைக்காலத்தில் முழுப் பராமரிப்பைத் திட்டமிட்டு, உதிரிபாகத் தேவையை முன்கூட்டி எழுதிக்கொடுத்து, சீசன் தொடங்குமுன் பிளான்டை ஓட்டத்துக்குக் கொண்டுவருவது’ என்ற ஒரு வரி, விளம்பரம் கேட்டதற்கு நேரடியான பதில்.

ஐ.க்யூ.எஃப். இவர் ஓட்டியதில்லை. அதை எழுதக் கூடாது, ‘பரிச்சயம்’ என்ற மழுப்பலும் வேண்டாம். ஓட்டிய பிளாஸ்ட், பிளேட் இரண்டையும் தெளிவாக எழுதிவிட்டு நிறுத்துங்கள். கேட்டதில் ஒன்று இல்லாத ரெஸ்யூம் தேறும், எல்லாம் இருப்பதாகச் சொல்லி ஒன்றில் மாட்டிய ரெஸ்யூம் தேறாது.

பதவிப் பெயரையும் விளம்பரத்துக்கு ஏற்ப மாற்ற முடியாது. 2012 முதல் 2018 வரை சம்பளச் சீட்டில் ‘சீனியர் ஆபரேட்டர்’ என்றால் அதுதான். இரவு ஷிஃப்டை அவர்தான் பார்த்தார் என்றால் ‘சீனியர் ஆபரேட்டர், இரவு ஷிஃப்ட் பொறுப்பு, 5 பேர்’ என்று பக்கத்தில் சேர்க்கலாம்.

பயிற்சிகளில் கடைசி மூன்று நான்கு வருஷத்தில் முடித்தவற்றுக்கு ஆண்டு போடுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபோஸ்டாக் சான்றிதழ், முதலுதவி, அம்மோனியா கசிவுப் பாதுகாப்பு போன்றவை. தலைப்பிலேயே ‘சமீபத்திய பயிற்சி’ என்று எழுதினால், பழையவை ஏன் இல்லை என்ற கேள்வி வராது. சிலவற்றுக்கு ஆண்டு போட்டுச் சிலவற்றுக்குப் போடாமல் ஒரே பட்டியலில் கலக்கினால்தான் கண் அங்கே போய் நிற்கும்.

ஆறாம் படி: கேட்டால் சொல்ல வேண்டிய இடங்கள்

ரெஸ்யூம் நீங்கள் எழுதும் தாள், விண்ணப்பப் படிவம் அவர்கள் கேட்கும் கேள்வி. ரெஸ்யூமில் விடலாம், படிவத்தில் விட முடியாது. தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளமோ வேறு தளமோ பிறந்த தேதி கேட்டால் சான்றிதழில் உள்ளதைக் கொடுங்கள். `Total Experience` என்று கேட்டால் 34. அங்கே 12 போடுவது மேலே சொன்ன எல்லாவற்றையும் உடைத்துவிடும். அந்த எண்ணால் தளத்தின் வடிகட்டி உங்களை வெளியே தள்ளலாம், அது உண்மைதான். அப்படித் தோன்றினால் விளம்பரத்தில் உள்ள கைபேசி எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ நேரடியாக ரெஸ்யூம் அனுப்புங்கள். இங்குள்ள கம்பெனிகளில் பாதி ஆள் எடுப்பு வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது.

விளம்பரத்திலேயே ‘45 வயதுக்குள்’ என்று இருந்தால் இந்த ரெஸ்யூம் எதற்கும் உதவாது. தனியார் வேலையில் வயது வரம்பு வைப்பதைப் பொதுவாகத் தடுக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. முதலில் போன் செய்து கேளுங்கள்: ‘சார், எனக்கு 54 ஆகுது. அனுபவம் பொருந்துது. வயசில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பீங்களா?’ முடியாது என்றால் தூத்துக்குடி வரைக்கும் பஸ் ஏறும் செலவு மிச்சம். அரசு வேலையென்றால் பிறந்த தேதி கட்டாயம்.

போனில் பேசும்போது ‘உங்களுக்கு என்ன வயசு சார்?’ என்று கேட்டால் சுற்றி வளைக்காதீர்கள். ‘54ங்க. இங்க ஓய்வு வயசு 58ஆ, 60ஆ சார்? 58 ஆனாலும் நாலு வருஷம் முழுசா இருப்பேன்’ என்று சொல்லிவிட்டு உடனே வேலைக்கு வாருங்கள். 58இல் பென்ஷன் திட்டத்துக்கான பங்களிப்பு நின்று, முதலாளி பங்கு முழுதும் பி.எஃப். கணக்குக்கே போகும் என்பது கணக்குப் பிரிவுக்குத் தெரியும். அவர்கள் மனதில் உள்ள கேள்வியை நீங்களே எடுத்துப் பேசுவது நல்லது. சம்பள எதிர்பார்ப்பும் அப்போதே தெளிவாகட்டும், ஏனென்றால் 34 வருஷத்தைக் கேட்டதும் அவர்கள் பயப்படுவது அதற்குத்தான்.

வேலைக்குச் சேரும் நாளில் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் சான்றிதழும் ஆதாரும் கொடுக்கப்போகிறீர்கள். வயது எப்படியும் தெரியும். ரெஸ்யூமில் அதை விடுவதன் பலன் அந்த முதல் வாசிப்பு வரைக்கும்தான்.

கடைசியில் கோப்பைச் சரிபார்த்தல்

ராமநாதபுரத்து பிரவுசிங் சென்டரில் அடித்த ரெஸ்யூம்களில் ஒரு வேடிக்கை நடக்கும். முன்பு வந்தவரின் கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். வேர்டில் `File` திறந்து `Info` பார்த்தால் எழுதியவர் என்று யாரோ ஒருவர் பெயரும், உருவாக்கிய ஆண்டு 2009 என்றும் இருக்கும். புதிய கோப்பில் ஒட்டி, பி.டி.எஃப். ஆக்கி, உங்கள் பெயரும் பதவியும் வருமாறு கோப்புக்குப் பெயர் வையுங்கள். `biodata_old_final.doc` என்ற பெயரோடு அனுப்ப வேண்டாம். தாளைப் போட்டோ எடுத்து அனுப்புவதும் வேண்டாம், அதில் உள்ள சொற்களைக் கணினியால் தேட முடியாது.

பிறகு அச்சிட்ட தாளை வீட்டில் உள்ள இளையவர் ஒருவரிடம் கொடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். முதலில், ‘இவருக்கு என்ன வயசு இருக்கும், எந்த வரியை வச்சுச் சொல்றே?’ அவர் விரல் வைக்கும் வரிதான் மிச்சமிருக்கும் அடையாளம். அடுத்து வயதைச் சொல்லிவிட்டு, ‘இப்ப படிச்சா ஏதாவது பொய்யாத் தெரியுதா?’ முதல் கேள்விக்கு ‘முப்பதுதான் இருக்கும்’ என்று உறுதியாகச் சொன்னால் மகிழ வேண்டாம். முந்தைய அனுபவப் பகுதி மெலிந்துவிட்டது என்று பொருள், அங்கே ஒரு வரி சேருங்கள். ‘சரியாச் சொல்ல முடியல, நாற்பதுக்கு மேல இருக்கலாம்’ என்று இழுத்தால் தாள் அனுப்பத் தயார்.